பூட்டிய பெட்டியில் கிடந்த நன்றி

பதினோராயிரத்து நானூறு பேர் அவளை 'ஐந்தொகை அக்கா' என்கிறார்கள். ஒருவர்கூட முகத்தைப் பார்த்ததில்லை. அவளுடைய யூடியூப் சேனலில் தெரிவது வெள்ளைப் பலகையும், அதில் ஓடும் வலது கையும்தான். பலகை என்பது படுக்கையறை அலமாரியின் கதவு. வார நாட்களில் அவள் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். ஞாயிறு காலையில் அலமாரிக் கதவைத் துடைத்துவிட்டு, கணக்குப்பதிவியல் தாளில் முட்டி மோதிக்கொண்டிருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். வீடியோவை வெட்டி ஒட்டுவது அவளுடைய தங்கை.

அந்த ஞாயிறு தங்கை, நிறுத்திவைக்கப்பட்ட கமெண்ட்டுகள் சேரும் பகுதியைத் திறந்து விளம்பரக் குப்பைகளை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வாயேன். ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு."

போன வருடம் சில வம்பர்கள் வந்து, சந்தேகம் கேட்ட பிள்ளைகளையெல்லாம் 'நீ ஃபெயில்தான்' என்று சீண்டினார்கள். அக்காவுக்குக் கோபம் தலைக்கேற, 'ஃபெயில்' என்ற சொல்லையே தடைப்பட்டியலில் போடச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தச் சொல் உள்ள கமெண்ட் எதுவும் வெளியே வராமல் இங்கே வந்து விழுந்தது. இரண்டு மாதத்துக்குள் யாரும் அனுமதிக்காவிட்டால் தானாகவே காணாமல் போய்விடும். எழுதியவருக்கோ அது நிறுத்தப்பட்டது தெரியாது. தன் கமெண்ட்டுக்குப் பதில் வரவில்லை என்று மட்டும் தெரியும்.

இப்போது மாட்டியிருந்த கமெண்ட்டை எழுதியவள் பெயர் 'கடைசி பெஞ்ச்'. மருந்துக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டே படித்த பெண். கணக்குத் தாளில் இரண்டு முறை ஃபெயில். அப்பா மூன்று மாதம் பேசவில்லை என்றும் எழுதியிருந்தாள். மூன்றாவது முறை, அக்காவின் ஐந்தொகையில் இரண்டு பக்கமும் டேலி ஆகாமல் போன வீடியோவைப் பார்த்திருக்கிறாள். 'நீங்களே இறுதிச் சரக்கிருப்பை ஐந்தொகையில சேர்க்க மறந்துட்டீங்க. பதறாம, வித்தியாசம் எவ்வளவுன்னு பார்த்தீங்க. அது சரியா சரக்குத் தொகையாவே இருந்துச்சு. அன்னைக்கு அழுதேன். பரீட்சையில எனக்கும் டேலி ஆகல. உங்க குரல் கேட்டுச்சு. வித்தியாசத்தைப் பார்த்தேன். பாஸ்.' கமெண்ட் எழுதி ஏழு வாரம் ஆகியிருந்தது.

"நீ வெட்டிடலாம்னு சொன்ன வீடியோ" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி சரி, பெருமை அப்புறம் படு. முதல்ல அனுமதி கொடு. பின் பண்ணி உச்சியில வெச்சிடுவோம். இதை விட வேற விளம்பரம் வேணுமா?"

"அவ ரெண்டு தடவை ஃபெயிலானதையா உச்சியில வெக்கறது? அதே வம்பனுங்க வந்து மேய்வானுங்க."

"அப்போ ஹார்ட் போட்டுட்டு விட்டுடு."

"ஏழு வாரம் காக்க வெச்சிட்டு ஒரு ஹார்ட்டா? போடி."

அக்கா பதிலை அடித்தாள். 'தங்கள் அன்புக்கு நன்றி, தொடர்ந்து ஆதரவு தாருங்கள்.' தங்கை எட்டிப் பார்த்தாள். "டைல்ஸ் கடை பில்லுக்கு அடியில அடிக்கற வரி மாதிரி இருக்கு." அழித்தாள். அடுத்ததில் அக்கா படித்த காலம், பட்ட பாடு எல்லாம் வந்து குவிந்தது. "இது அவளோட நாளா, உன்னோட நாளா?" அதையும் அழித்தாள்.

கடைசியில் தடைப்பட்டியலிலிருந்து 'ஃபெயில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கமெண்ட்டை அனுமதித்து, ஹார்ட் போட்டு, கீழே இப்படி எழுதினாள்:

'வம்பனுங்களைத் தடுக்க நாங்க போட்ட வடிகட்டியில உங்க கமெண்ட் மாட்டிக்கிச்சும்மா. இன்னைக்குத்தான் பார்த்தேன். தப்பு எங்களோடது. பரீட்சை ஹால்ல வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிச்சது என் குரல் இல்ல, நீங்கதான். இதை எல்லாரும் பார்க்கற மாதிரி மேல வெக்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்.'

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தங்கை அலறினாள்.

"அக்கா! ஹார்ட்டைக் காணோம்!"

கமெண்ட்டைத் திருத்தினால் ஹார்ட் போய்விடும். அந்தப் பெண் திருத்தியிருந்தாள். அப்பா வரியைக் காணோம். 'ரெண்டு முறை ஃபெயில்' மட்டும் அப்படியே இருந்தது. கீழே பதில்: 'நீங்க பார்க்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா. மேல வெயுங்க. அப்பா இப்ப பேசறாரு, அதனால அந்த வரி வேண்டாம். ஃபெயில் இருக்கட்டும். அடுத்தவங்க பார்க்கணும்.'

அக்கா மறுபடியும் ஹார்ட் போட்டாள். பின் பண்ணினாள். அன்று வீட்டுக்கு வந்த பால்காரரிலிருந்து மாடிவீட்டு அத்தை வரை எல்லோரும் அந்தக் கமெண்ட்டைப் படித்தாக வேண்டியிருந்தது. தங்கை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

தடைப்பட்டியலுக்கு 'ஃபெயில்' திரும்பவில்லை. வம்பர்கள் வந்தால் தங்கை கையாலேயே அழிக்கிறாள். 'கடைசி பெஞ்ச்' வரும் திங்கட்கிழமை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறாள்.