நாற்பத்தொன்றில் முப்பத்தாறு

சலவை ஆலையில் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் துணி அள்ளிப் போடுகிறவனாக வந்தான். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துண்டு, அறுவை அறைப் பச்சைத் துணி என்று நாளொன்றுக்கு நாலு டன் துணி அங்கே வெளுக்கும். மெஷின் நின்றால் வெளியிலிருந்து மெக்கானிக் வருவார். அவர் வேலை செய்யும்போது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன், நாலைந்து வருஷத்தில் தானே திறந்து தானே மூட ஆரம்பித்துவிட்டான். சம்பளச் சீட்டில் மட்டும் இன்றைக்கும் 'மெஷின் இயக்குநர், இரண்டாம் நிலை' என்றே இருந்தது.

ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஆலை அவனைக் கூப்பிட்டது. சம்பளம் கூட. ஆனால் இரண்டு பஸ் மாறவேண்டும், வாரத்தில் மூன்று நாள் ராத்திரி ஷிப்ட். இங்கேயே சம்பளம் ஏறினால் இருப்பது, இல்லாவிட்டால் மாசக் கடைசியில் கிளம்புவது என்று முடிவு செய்தான். போக அவனுக்கு இஷ்டமில்லை. இந்த மெஷின்களின் இருமல் தும்மலெல்லாம் அவனுக்குத் தெரியும்.

முதல் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினான். வீட்டு வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், போன வருஷம் வந்த பையனுக்கும் எனக்கும் ஒரே சம்பளமா, தராவிட்டால் போய்விடுவேன். மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்க, உங்க மேனேஜர் வாடகை வீட்லயா இருக்காரு?"

"ஆமா."

"அப்ப அவருக்கும் வாடகை ஏறியிருக்கும். அந்தப் பையன் சம்பளம் உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? கடைசி வரி மெரட்டல். அதைப் படிச்சிட்டு மேல இருக்கிறத எவன் படிப்பான்? நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு எழுதுங்க. அது ஒண்ணுகூட இதுல இல்ல."

அவனுக்குச் சுருக்கென்றது. கிழித்தும் போட்டான்.

எப்போது கொடுப்பது என்பது அவனுக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் இந்த மாசம் இருபதாம் தேதி அடுத்த வருஷச் சம்பளக் கணக்கை மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். இருபத்தொன்றாம் தேதி கேட்கிறவனுக்கு 'அடுத்த வருஷம் பாப்போம்' என்கிற பதில்தான் கிடைக்கும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பழுதுப் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தான். இரண்டு வருஷத்தில் அவன் சரிசெய்தவை நாற்பத்தொன்று. தேதி, மெஷின், என்ன கோளாறு, எத்தனை மணி நேரம் நின்றது எல்லாம் இருந்தன. 'சரிசெய்தவர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டான். நாற்பத்தொன்றிலும் ஷிப்ட் சூப்பர்வைசர் கையெழுத்து. பழுதை முடித்து வைக்கிறவர் சூப்பர்வைசர்தான் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். கையெல்லாம் கிரீஸ், நீங்களே போட்டுருங்கண்ணே என்று பதிவேட்டை அவரிடம் தள்ளிவிட்டவனும் இவன்தான். இதை ஆதாரமென்று மேனேஜரிடம் நீட்டினால் சூப்பர்வைசருக்குத்தான் சம்பளம் ஏறும்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேரிங் வாங்கப் போனவனை ஸ்டோர் அக்கா நிறுத்தினாள்.

"என்ன தம்பி, கப்பல் கவுந்துருச்சா?"

சொன்னான். அவள் சிரிக்கவுமில்லை, பரிதாபப்படவுமில்லை. "பேரிங் வாங்க இப்ப எதுல கையெழுத்துப் போட்ட?"

"சீட்டுல."

"யாரு மாட்டுறாங்களோ அவங்க கையெழுத்து இல்லாம நான் ஒரு நட்டுகூடக் குடுக்கறதில்ல. மூணு வருஷச் சீட்டு அந்தப் பெட்டியில கெடக்கு. இங்கயே உக்காந்து பாரு, வெளிய கொண்டுபோகாத. பாத்த சீட்டை வரிசை கலையாம திருப்பி வை, ஆமா."

நாலு மத்தியானம் ஆயிற்று. பதிவேட்டுத் தேதியும் சீட்டுத் தேதியும் முப்பத்தாறு இடத்தில் பொருந்தின. மீதி ஐந்து, பெல்ட் இறுக்கியது, அடைப்பு எடுத்தது என்று சாமான் எதுவும் போகாத வேலைகள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்த ஐந்தையும் விட்டுவிட்டான். ஒன்றைப் பொய்யென்று நினைத்தால் மீதியையும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடுத்தது சூப்பர்வைசர். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் மேனேஜர் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். புதிதாக எழுதிய கடிதத்தை அவர் முன்னால் வைத்தான்.

"ஏம்ப்பா, நான் சும்மா கையெழுத்து மட்டும் போட்டேன்னு எழுதியிருக்கியா?"

"படிச்சுப் பாருங்கண்ணே."

உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். 'ஷிப்ட் சூப்பர்வைசரின் மேற்பார்வையில் பட்டியலில் கண்ட பழுதுகளை நான் சரிசெய்தேன். சாமான் பெற்ற சீட்டு எண்கள் எதிரே உள்ளன.' இரண்டாம் தடவையும் படித்தார்.

"மேற்பார்வையா. நான் எங்கப்பா பாத்தேன், டீ குடிச்சிட்டு இருந்தேன்."

"மெஷினை நிறுத்தலாம்னு சொன்னது நீங்கதானே."

"அது வாஸ்தவம்." அடியில் 'சரியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் ஒரு பக்கம்தான், பழுதுப் பட்டியல் தனி. முன்பு இருந்த வேலை, இப்போது செய்யும் வேலை. வெளி மெக்கானிக் வந்தது மூன்று வருஷத்துக்கு முன் பத்தொன்பது தடவை, போன வருஷம் நாலு. அதனால் மிச்சமான தொகை கணக்குப் பிரிவில் இருக்கும் என்று மட்டும் எழுதினான், தானாக ஒரு தொகையைப் போடவில்லை. இதே வேலைக்கு ஆள் கேட்டு வந்த மூன்று விளம்பரங்களைச் சேர்த்தான். பதினெட்டு சதவீத உயர்வும், வேலைக்கேற்ற பதவியும் தருமாறு கேட்டான். நேரம் ஒதுக்கினால் நேரில் பேசத் தயார் என்று முடித்தான்.

பதினாலாம் தேதி கொடுப்பதாக இருந்தான். அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து கறையோடு இருநூறு விரிப்பு திரும்பி வந்தது. மேனேஜர் அறையிலிருந்து குரல் வாசல்வரை கேட்டது. ஸ்பேனர் கடிதத்தைத் தன் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சோப்பு போகும் பம்பைத் திறந்தான். குழாய் பாதி அடைத்திருந்தது. மறுநாளும் அதே வேலை. பதினாறாம் தேதி விரிப்பெல்லாம் வெளுத்து வண்டி ஏறியது. பத்து மணிக்கு மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது கடிதத்தோடு கதவைத் தட்டினான்.

"சார், இருபதாம் தேதிக்கு முன்ன நீங்க பாத்தா நல்லது. இப்பவே பதில் வேண்டாம்."

மேனேஜர் கடிதத்தைப் படித்தார், பட்டியலைப் புரட்டினார். "பதிவேட்டுல உன் பேரே இல்லையே?"

"சீட்டுல இருக்கு சார். நம்பர் போட்டிருக்கேன்."

"மொத்தம் நாற்பத்தொரு பழுதுன்னு வெளிய பேசிக்கிறாங்க?"

"சீட்டு இருக்கிறது முப்பத்தாறுதான் சார்."

மேனேஜர் பட்டியலில் முதல் சீட்டு எண்ணை வட்டமிட்டார். போகச் சொன்னார். சாயங்காலம் ஸ்டோர் அக்காவிடம் சீட்டுப் பெட்டி கேட்டு ஆள் வந்ததாம். அக்கா மேனேஜரிடமும் சீட்டுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாளாம்.

பத்தொன்பதாம் தேதி கூப்பிட்டார். "பதினெட்டு முடியாது. அதுக்கு மேலிடம் ஒத்துக்காது. பன்னெண்டு போட்டிருக்கேன். பராமரிப்பாளர்னு பதவி மாத்தறேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

ஊருக்கு அந்தப் பக்க ஆலையில் கிடைக்கும் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். இரண்டு பஸ்ஸை நினைத்தான், மூன்று ராத்திரியை நினைத்தான்.

"சரிங்க சார். ஆறு மாசம்னு சொன்னதையும் சேத்து எழுத்துல குடுத்துருங்க."

"ஏன், என் வார்த்தை போதாதா?"

"உங்க வார்த்தை போதும் சார். என் ஞாபகத்தைத்தான் நம்பறதில்ல. பதிவேட்டுல பட்டது போதும்."

மேனேஜர் மூக்கால் சிரித்துவிட்டு டைப் அடிக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் மூன்றாம் டிரையரில் பெல்ட் அறுந்தது. மாற்றி முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பதிவேட்டோடு வந்தார். 'சரிசெய்தவர்' கட்டத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து இரண்டாக்கியிருந்தார்.

"இந்தாப்பா, உன் பக்கம் இது. கிரீஸைத் துடைச்சிட்டுப் போடு, பக்கம் பாழாயிடும்."

ஸ்பேனர் பையைத் தடவினான். பேனா இல்லை. அவருடையதையே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.