நாலால் வகுபடாத நூற்றி இரண்டு

அல்லிநகரத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் டிசைன் வேலைக்குச் சேருவதற்கு முன், பதினோரு வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தினேன். பிளானட்டரி கியர் என்னுடைய பிரியமான பாடம். நடுவில் சன் என்கிற பல்சக்கரம், அதைச் சுற்றிப் பிளானட்கள், எல்லாவற்றையும் வளைத்து உட்பக்கம் பல் வெட்டிய ரிங். பிளானட்களைத் தாங்கும் வட்டத் தகட்டுக்குக் கேரியர் என்று பெயர். சன்னின் பல்லையும் ரிங்கின் பல்லையும் கூட்டி, பிளானட் எண்ணிக்கையால் வகுத்தால் மீதி வரக்கூடாது. வந்தால் சம இடைவெளியில் மாட்ட முடியாது. இதை எழுதாத பையன்களுக்கு நான் இரக்கமே இல்லாமல் ரெண்டு மார்க் குறைத்திருக்கிறேன்.

கம்பத்திலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி வந்தார். காய்ந்த காயை உருட்டி, காம்பும் வாலும் நீக்கும் பாலிஷ் டிரம்முக்கு ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். டிரம் வேகமாகச் சுற்றினால் காய் உடையும் என்பதால் மோட்டார் வேகத்தைக் குறைக்க வேண்டும். சன்னுக்கு இருபது பல், பிளானட்டுக்கு முப்பத்தொன்று, ரிங்குக்கு எண்பத்திரண்டு. மூன்று பிளானட். மோட்டார் பக்கம் ஐந்து சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றினால் டிரம் பக்கம் ஒரு சுற்று. நூற்றி இரண்டை மூன்றால் வகுத்தால் முப்பத்து நாலு. ஒழுங்காக வகுத்துப் பார்த்துத்தான் வரைந்தேன்.

படம் கோயமுத்தூருக்குக் கியர் வெட்டப் போவதற்கு முதல் நாள் அந்த வியாபாரி போன் செய்தார்.

"ஏம்மா, குமுளியில நம்ம சேட்டன் ஒருத்தர் வச்சிருக்கார்ல, அவுக பெட்டியில எத்தன சக்கரம்?"

"மூணு இருக்கும்ணே."

"அப்ப எனக்கு நாலு போடு."

எங்கள் முதலாளி அதைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார். "நாலு தோளு சுமந்தா லோடு இன்னும் லேசுதானம்மா. போட்டு விட்ரு."

போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் மூன்று என்று இருந்த ஒற்றை எண்ணை அழித்து நாலு என்று அடித்தேன். நாலு பிளானட்டும் பூக்கோலம் மாதிரி வந்து உட்கார்ந்தன. பல் மேல் பல் ஏறியிருந்ததை அந்த மென்பொருள் சொல்லவில்லை. நானும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் பல்சக்கரங்கள் வந்தன. கேரியர் மட்டும் எங்கள் கடையில் செய்தது. மில்லிங் மெஷினில் நிற்கும் அண்ணன் தொண்ணூறு டிகிரிக்கு ஒன்றாக நாலு துளை போட்டிருந்தார். அவர் பேசுவது குறைவு, அளப்பது அதிகம்.

முதல் பிளானட் போனது. அதற்கு நேர் எதிரே இருந்ததும் போனது. மூன்றாவது போகவில்லை. வேறு பிளானட்டை எடுத்து முயன்றோம். அதுவும் போகவில்லை. சன்னைத் திருப்பி, ரிங்கைத் திருப்பி, எண்ணெய் தடவி, ஊதி, துடைத்து எல்லாம் செய்தோம்.

"துளை தள்ளியிருக்கு" என்றேன் நான். கூசாமல் சொன்னேன். ஐந்தாறு பேர் சுற்றி நிற்கும்போது சொன்னேன்.

அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தார். கேரியரைக் கழற்றிக்கொண்டு போய், திரும்ப மெஷினில் கட்டி, டயல் வைத்து நாலு துளையையும் அளந்தார். முள் அசையவே இல்லை. "வந்து பாருங்க டீச்சர்" என்றார். பார்த்தேன். பார்த்த பிறகும், கோயமுத்தூர்க்காரன் பல்லைத் தப்பாக வெட்டியிருப்பான் என்றுதான் தோன்றியது. என்னைத் தவிர எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. அவர் கேரியரைத் துடைத்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

முதலாளி தன் பங்குக்கு, "ரெண்டு பல்லை அரத்த வச்சு லேசா ராவி விட்ருவமா?" என்று கேட்டார். பிறகு சனிக்கிழமை குச்சனூர் சனி கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தார். "சன்னு, பிளானட்டுன்னு நீங்கதான சொல்றீக. கிரகம் உக்கார மாட்டேங்குதுன்னா வேற எங்கன போறது?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்கிற சிரிப்பு.

அவர் விபூதி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மில்லிங் அண்ணன் வந்தார். கையில் சாக்பீஸ். மாட்டாத பிளானட்டைத் துளைக்கு நேரே பிடித்து, ரிங்கின் பல் எங்கே முட்டுகிறது என்று கோடு போட்டுக் காட்டினார்.

"சரியா அரைப்பல்லு தடுக்குது டீச்சர். இந்தத் துளையிலயும் அரை, எதிர்த் துளையிலயும் அரை. என் கை தப்புனா இப்பிடி அளந்து வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் அரையாவா தப்பும்?"

அரை என்ற சொல் காதில் விழுந்ததும், பேரிங் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதினேன். இருபதும் எண்பத்திரண்டும் நூற்றி இரண்டு. நாலால் வகுத்தால் இருபத்தைந்தரை. ரெண்டால் வகுத்தால் ஐம்பத்தொன்று; அதனால்தான் எதிரெதிராக ரெண்டு மட்டும் போயிருக்கிறது. பதினோரு வருஷம் கரும்பலகையில் எழுதியது, ரெண்டு மார்க் குறைத்தது, எல்லாம் அந்த அட்டையில் இருந்தது.

"தப்பு என்னோடதுண்ணே" என்றேன். சொல்லும்போது ஐந்தாறு பேர் இருக்கிறார்களா என்று பார்த்தேன். இருந்தார்கள். நல்லதுதான்.

அவர் உடனே, "அப்ப துளையை நவுத்திப் போட்டா?" என்றார். கணக்குப் போட்டேன். தொண்ணூறுக்குப் பதில் எண்பத்தெட்டே கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ஜோடியை நகர்த்தினால் நாலும் மாட்டும். எதிரெதிராக இருப்பதால் ஆட்டமும் வராது. ஆனால் முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "நாலும் சமமா இருக்கும்னு நெனச்சுத்தான கேட்டாக. கோணலா குடுத்தம்னா மூணே தேவலன்னு சொல்லிருவாக."

ரிங்கைத் தொடாமல் சன்னையும் பிளானட்டையும் மாற்றுவது என்று முடிவானது. சன்னுக்குப் பதினாலு போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றாறு, நாலால் அழகாக வகுபட்டது. ஆனால் பிளானட்டுக்கு முப்பத்து நாலு பல் வரும், நாலும் ஒன்றோடொன்று இடிக்கும். பதினெட்டு போட்டால் வகுபடும், இடிக்காது. ஆனால் மோட்டார் தண்டு நுழையத் துளை போட்டால் பல்லுக்குக் கீழே இரும்பே மிஞ்சாது. இருபத்திரண்டில் நின்றது. பிளானட்டுக்கு முப்பது. இருபத்திரண்டும் எண்பத்திரண்டும் நூற்றி நாலு, நாலால் வகுத்தால் இருபத்தாறு. டிரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்; அதை வெளியே செயின் சக்கரத்தை மாற்றிச் சரிக்கட்டலாம். நடுவிலிருந்து பிளானட்டுக்கு உள்ள தூரம் மாறுவதால் கேரியரையும் அண்ணன் புதிதாகச் செய்தார். இந்தத் தடவை படத்தை வாங்கியதும் மெஷினுக்குப் போகாமல் நின்றார்.

"வகுத்தாச்சா?"

"வகுத்தாச்சுண்ணே."

புதுப் பல்சக்கரங்கள் வந்த அன்று நாலும் கையாலேயே இறங்கின. தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. முதலாளி குச்சனூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கென்ன யோக்கியதை?

வியாபாரி வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார். மூடி போட்டு சீல் செய்தாகிவிட்டது; உள்ளே நாலு இருக்கிறதா, நாற்பது இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. "சத்தமே நாலு மாதிரி கேக்குது" என்று திருப்தியாகச் சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மிஞ்சிய பழைய சன்னையும் முப்பத்தொரு பல் பிளானட்களையும் என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். அவை எதுவும் தப்பில்லையே. ஒரு ரிங் மட்டும் வெட்டி, மூன்று துளையோடு ஒரு கேரியர் போட்டால் என் முதல் டிசைன் அப்படியே உயிரோடு வரும். வந்தது. ஒரே மாதத்தில் அதை வாங்கிக்கொண்டு போனவர் குமுளிக்காரர் ஒருவர். நாலு வைத்ததெல்லாம் வீண் பகட்டு, மூன்றுதான் உறுதி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்களாம்.