வெறும் எச்சில்

இளவயதில் வந்த காசநோய் ஆறிவிட்டாலும், என் கணவரின் மூச்சுக்குழாய்களை விரித்துத் தளர்த்திவிட்டுப் போயிருந்தது. அவற்றில் சளி தேங்கும், கிருமி வளரும். இந்த முறை சளி பச்சையாகிக் காய்ச்சலும் வந்தது. மாத்திரை தொடங்குமுன் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கச் சளியைக் கல்ச்சருக்குக் கொடுக்கச் சொன்னார் இராமநாதபுரத்து டாக்டர். நான் கொண்டுபோன டப்பாவை லேப் பெண் திருப்பித் தந்தாள். "இது வெறும் எச்சில்க்கா. சளி வேணும்."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டினேன். மூச்சை இழுத்து, வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாக ஊதினார். சளி மேலேறி வரும் சத்தம் கேட்டது. உடனே விழுங்கிவிட்டார்.

"ஏன் மச்சான், துப்ப வேண்டியதுதானே?"

"சவுதியில ஒரு ரூம்ல எட்டுப் பேரு. சளி துப்புனா டிபின்னு ஊருக்கு அனுப்பிருவானுக. விழுங்கியே பழகிட்டேன்."

மறுபடி தட்டினேன். டப்பாவில் துப்பினார். அதில் வளர்ந்த கிருமிக்குப் போன தடவை தின்ற மாத்திரை கேட்காது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார்.

இப்போதும் துப்புமுன் அவர் வாசலைப் பார்க்கிறார். இது நம் வீடு என்று சொல்லிச் சலித்துவிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறேன்.