மூன்றாவது பந்திக்குச் சோறு

ஓய்வுபெற்ற பிறகு யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மாத்தளை நகரத்துக்கு வெளியே இருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை அந்த நிம்மதியைக் கெடுத்தது. நலன்புரி ஆலோசகர் என்று ஒரு பதவி தந்தார்கள். கன்டீன், கழிப்பறை, தங்கும் விடுதி ஆகியவை பற்றி வரும் முறைப்பாடுகளைப் படித்து, அவை கிடைத்தன என்று எழுதுவதுதான் வேலை. அரசாங்கத்தில் இதைவிடக் குறைவாகச் செய்து பதவி உயர்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும்.

அங்கே மனிதவளப் பிரிவில் ஓர் இளம் அதிகாரி இருந்தாள். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்தவள். கெட்டிக்காரி, அதனால் பொறுமையில்லாதவள். கன்டீனில் சோறு வீணாகிறது என்று மேலிடத்தில் பேச்சு வந்ததும், தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலடியில் ஒரு தராசும் ஒரு பெரிய வாளியும் வைத்தாள். தட்டில் மிஞ்சுவதெல்லாம் வாளிக்குள் போகும். வாளி நிறைந்ததும் நிறுப்பார்கள். ஒரு வாரம் நிறுத்துப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தீர்மானிப்பது அவள் திட்டம். திட்டத்தில் குற்றமில்லை. உலகத்தில் எல்லாக் கன்டீன்களும் செய்ய வேண்டியது, எவரும் செய்யாதது.

வெள்ளிக்கிழமை காலை அவள் தாளோடு வந்தாள்.

"சேர், இதுல ஒரு சைன் வேணும். பன்னெண்டு மணிக்குள்ள ஸ்டோருக்குப் போகணும். இல்லாட்டி திங்கக்கிழமைக்குப் பழைய கணக்குலதான் அரிசி குடுப்பாங்க."

பார்த்தேன். அரிசியில் நாலில் ஒரு பங்கைக் குறைத்திருந்தாள்.

"வாளியில இருந்தது சோறா, அரிசியா?"

"சோறுதான் சேர்."

"ஸ்டோர்ல இருக்கிறது?"

தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு கிலோ அரிசி வெந்தால் இரண்டரைக் கிலோ சோறாகும். அவள் சோற்றின் நிறையை அப்படியே அரிசியிலிருந்து கழித்திருந்தாள். திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகும் குறைப்பு பெரிதாகவே இருந்தது. அவ்வளவு சோற்றைக் கொட்டும் மனிதர்களை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

அதற்குள் தலைமைச் சமையற்காரர் வந்துவிட்டார். நகரத்து முஸ்லிம் ஆள், எல்லாருக்கும் நாநா, அதாவது அண்ணன். குரல் அவருக்கு முன்னால் வரும்.

"தராசு பழுது சேர். நான் ஆக்கின சோத்த யாரும் கொட்ட மாட்டாங்க."

"தராசு புதுசு நாநா," என்றாள் அவள்.

"புதுசுதான் மோசம். இந்தத் தாள்ல சைன் வெச்சீங்கண்டா மூணாவது பந்திக்குச் சட்டிதான் மிஞ்சும். அந்தப் புள்ளைங்க என்னயத்தான் ஏசும்."

அவர் சொன்னதில் தராசைப் பற்றியது பொய். பந்தியைப் பற்றியது உண்மை. முதலில் தையல் பிரிவு, அடுத்து வெட்டுப் பிரிவு, கடைசியில் பொதி கட்டும் பிரிவு என்று மூன்று பந்தியாகச் சாப்பிட்டார்கள். எது குறைந்தாலும் கடைசிப் பந்தியில்தான் குறையும். அவர்களில் பலர் விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்கள். மத்தியானச் சோறுதான் அவர்களுடைய முதல் முழுச் சாப்பாடு.

"ஜும்மாத் தொழுகைக்குப் போகணும் சேர். சைன் வெச்சாலும் வெக்காட்டியும் இப்ப சொல்லுங்க," என்றார் நாநா.

"வைக்கல. நீங்க போயிட்டு வாங்க."

"பன்னெண்டு மணி சேர்," என்றாள் அவள்.

"ஸ்டோர் பொறுப்பாளர் ரெண்டு மணி வரைக்கும் சாப்பிடுவார். அதுவும் ஒரு நடைமுறைதான்."

ஜன்னலடியில் போய் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். என் அலுவலக வாழ்க்கையில் படித்த உருப்படியான பாடம் ஒன்றுதான்: தொகை புரியாவிட்டால் தொகையைப் பார்க்காதே, அது பிறக்கிற இடத்தைப் பார். முதல் பந்தி முடிந்து தட்டுகள் வரத் தொடங்கின. கை கழுவும் குழாய்கள் கூடத்தின் மறு கோடியில் இருந்தன. அங்கே நீண்ட வரிசை. கிடைப்பது அரை மணி நேரம். அதனால் பெண்கள் செய்தது, நாம் வீட்டில் காலங்காலமாகச் செய்வது. மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, தட்டுக்குள்ளேயே கையைக் கழுவினார்கள். பிறகு அந்தத் தட்டைக் கொண்டுவந்து வாளியில் கவிழ்த்தார்கள்.

இளம் அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"வாளிக்குள்ள கைய விடுங்க மிஸ்."

"ஐயோ, எதுக்கு சேர்?"

"அப்ப கரண்டியால கிண்டுங்க."

கிண்டினாள். கலங்கல் தண்ணீர் சுழன்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கப்பட்டு முகத்தைத் தூக்கிக்கொள்ளும் அதிகாரிகளோடு நிறையக் காலம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

"ஒரு கிழமையா தராசுல தண்ணிய நிறுத்திருக்கேன்," என்றாள்.

"நல்ல தண்ணி. பருப்பு கலந்தது."

சமையலறையிலிருந்து சோறு வடிக்கும் பெரிய ஓட்டைச் சட்டியைக் கேட்டு வாங்கி வேறொரு வாளிமேல் வைத்து அதில் கொட்டினோம். தண்ணீர் கீழே போனது. தங்கியதில் மீன் முள், கறிவேப்பிலை, வாசனைக்குப் போடும் றம்பை இலைத் துண்டுகளைத் தனியே ஒதுக்கினோம். யார் சமைத்தாலும் அவை மிஞ்சும், அவற்றுக்காக யாருடைய அரிசியையும் குறைக்க முடியாது. எஞ்சிய சோற்றை அவள் நிறுத்தாள். வழக்கமான தொகையில் சிறு பகுதிதான்.

இரண்டாவது பந்திக்கும் மூன்றாவது பந்திக்கும் வேறு வேறு வாளி வைக்கச் சொன்னேன். மூன்றாவது பந்தியின் தட்டுகள் கழுவி வைத்தவை போல வந்தன. தட்டைக் கொடுத்த ஒரு பெண் நான் வாளிக்குள் எட்டிப் பார்ப்பதைப் பார்த்து நின்றாள்.

"எங்க வாளியில என்னத்தத் தேடுறீங்க சேர்? எங்களுக்கு வர்றதே சட்டியோட அடிதான்."

"போதாதா?"

"போதும்னு சொல்லிப் பழகிட்டோம்."

ஆக, வீணானது முதல் பந்தியில்தான். அங்கே சட்டி நிறைய இருக்கும்போது பரிமாறுகிறவர் கேட்காமலே குவித்துப் போட்டார். மூன்று பந்தியையும் ஒரே வாளியில் கொட்டிச் சராசரி பார்த்ததால், கொட்டாதவர்களின் சோற்றையும் குறைக்கப் பார்த்தோம்.

தாளை இளம் அதிகாரியே மறுபடி எழுதினாள். ஒரு நாள் வாளியை வைத்து ஒரு வாரத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதால் அரிசியைக் கொஞ்சம்தான் குறைத்தோம். முதல் பந்திக்குச் சின்னக் கரண்டி. வேண்டுமென்றால் இரண்டாம் முறை வந்து வாங்கலாம். மூன்றாவது பந்தியின் சோறு முதலிலேயே தனிச் சட்டியில் எடுத்து மூடி வைக்கப்பட வேண்டும். ஸ்டோர் பொறுப்பாளர் ஏப்பம் விட்டபடி திரும்பியபோது தாள் அவர் மேசையில் இருந்தது.

ஜும்மா முடிந்து வந்த நாநா முதலில் மகிழ்ந்தார். "நான் சொன்னேன்தானே." பிறகு சின்னக் கரண்டியைப் பார்த்தார். "இதால சோறு போட்டா என் கை கஞ்சக் கைண்டு சொல்லுவாங்க சேர்."

"சேர் சொன்னார்னு சொல்லுங்க."

"அது சொல்லத்தான் போறேன்."

திங்கட்கிழமை அவர் சொன்னார், நன்றாகவே சொன்னார். தையல் பிரிவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. இங்கே எழுதத் தக்கதல்ல. ஆனால் இரண்டாம் முறை கேட்டு வந்தவர்கள் சிலர்தான். முதல் வாளியின் அடியை மூடக்கூடச் சோறு சேரவில்லை.

மூன்றாவது பந்தியில் நாநா தனிச் சட்டியின் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. வெள்ளிக்கிழமை என்னிடம் பேசிய பெண் வரிசையில் நடுவில் நின்றாள். வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டோடு திரும்பி வந்து சட்டிக்குள் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா நாநா?"

"ஈக்கி, நெறய ஈக்கி. எவ்வளவு?"

அவள் நாநாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை அந்தப் பந்தியில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஒரு கரண்டி," என்றாள். நாநா போட்டார். அவள் தட்டை எடுக்கவில்லை.

"இன்னொண்ணும் போடுங்க."