இரைச்சல் அடங்குமுன் எடுத்த பூந்தி

மாயக்காளுக்குக் காது கேட்காது. அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருஷம் நின்றாள்; தறி அவள் காதைத் தின்றுவிட்டது. வாயை மட்டும் விட்டுவைத்தது. அவள் ரகசியம் சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நானும் வாய்க்காரிதான். இரண்டு பேரும் தாலியறுத்தவர்கள். விசேஷ வீடுகளுக்குச் சமையல் வேலைக்குச் சேர்ந்தே போவோம்.

போகிற இடத்தில் எல்லாம் அவளை வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடமாட்டார்கள்.

"பின்னால ஆளு வந்து கத்துனாலும் அதுக்குத் தெரியாதுல்ல" என்பார்கள்.

தீபாவளிக்கு அவள் பிடிக்கிற லட்டைத் தின்றவள் நான். ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? ஒரு தடவையாவது விசேஷ அடுப்பில் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசை.

போன ஆவணியில் எங்கள் தெரு சுப்புலட்சுமி மகள் ஜீவிதாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு திருச்சுழி. மூன்று மணி வேனில் இருநூற்றொரு லட்டு போக வேண்டும். அடுப்பில் நல்லகண்ணு நின்றான். இருபது வருஷம் சேவுக்கடையில் நின்றவன். சேவு போட்டால் அவனை அடிக்க ஆளில்லை. அந்தத் திமிர் லட்டுக்கும் செல்லும் என்று நினைத்துவிட்டான்.

"சட்டி இரைச்சல் அடங்கணும், அப்பத்தேன் எடுக்கணும். இந்த வேலைக்குக் காதுதேன் முக்கியம்" என்று மாயக்காளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் சிரித்தாள். பாராட்டுகிறான் என்று நினைத்திருப்பாள்.

கடலைமாவைக் கெட்டியாகக் கரைத்திருந்தான். ஓட்டை ஓட்டையாக இருக்கும் கண்கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டித் தட்டித்தான் பூந்தி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் தவளைக்குஞ்சு மாதிரி வால். அதையும் மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டு எடுத்தான். மூன்று ஈடு முடிந்தது. முதல் ஈட்டைப் பாகில் போட்டு ஊறவிட்டு, சுப்புலட்சுமி ஒரு பிடி பிடித்தாள். கையைத் திறந்ததும் சரளைக்கல் மாதிரி உதிர்ந்தது.

"பாகே உள்ள இறங்கலையே! மணி பதினொன்னு ஆயிருச்சே, சம்பந்திவீட்டுல மானம் போயிருமே" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழுதா லட்டு ஒட்டுமா? மாயக்காவ நிக்கச் சொல்லு" என்றேன்.

"கேளாத ஆளையா?"

"பூந்தி என்ன பாட்டா பாடப்போவுது? நிக்கச் சொல்லுடி."

நான் மாயக்காளிடம் அடுப்பைக் கை காட்டினேன். அவள் வெங்காயக் கத்தியைக் கீழே போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அடித்துக் கரைத்தாள். எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். அடியில் கிடக்காமல் உடனே மேலே வந்தது, கருகவும் இல்லை. கண்கரண்டியைக் கழுவித் துடைத்து, சட்டிக்குக் கொஞ்சம் மேலே பிடித்து மாவை ஊற்றினாள். தட்டவில்லை, தேய்க்கவில்லை. மாவு தானாகவே முத்து முத்தாக விழுந்தது. எண்ணெய் மேல் ஒரு அடுக்கு நிறைந்ததும் கரண்டியை எடுத்துவிட்டாள். ஒரு புரட்டு. நுரை இன்னும் கலகலவென்று பொங்கிக்கொண்டிருக்கும்போதே அரிகரண்டியை விட்டாள்.

நல்லகண்ணு குதித்தான். "ஏ மாயக்கா! இன்னும் இரையுதுக்கா! வேகல! எடுக்காத!"

யாரிடம் சொல்கிறான்? அவள் பாட்டுக்கு அள்ளி, வடியவிட்டு, ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரலால் அமுக்கினாள். நொறுங்கவில்லை, மெத்தென்று அமுங்கியது. பிட்டுப் பார்த்தான். உள்ளே பச்சை மாவும் இல்லை.

"காராப்பூந்திக்குத்தேன் சத்தம் அடங்கணும்லே!" என்று, அவன் குதித்ததைப் பார்த்தே விஷயம் புரிந்துகொண்டு, மாயக்காள் கத்தினாள். "லட்டுக்கு அடங்குனா செத்துப்போச்சு!"

தெருவே சிரித்தது. நல்லகண்ணுவும் சிரித்துவிட்டான். பிறகு அவனே பாகைக் கம்பிப் பதத்துக்கு இறக்கினான். சூட்டோடு பூந்தி பாகைக் குடித்தது. ஆறு பெண்கள் உட்கார்ந்து பிடித்தோம். ஒன்றுகூட உதிரவில்லை. ஒவ்வொரு ஈட்டுக்கும் கரண்டியைக் கழுவிக் கொடுக்கிற வேலை நல்லகண்ணுவுக்கு. பாகில் போடாமல் கிடந்த அவனுடைய இரண்டு ஈட்டில் மிளகாய்ப்பொடி, உப்பு, பொரித்த கறிவேப்பிலை போட்டுக் கிளறினேன். மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் அதைத்தான் அள்ளினார்கள்.

"என் பூந்திதேன் மொதல்ல தீந்துச்சு, பாத்தீகளா?" என்றான் வெட்கம் கெட்டவன்.

மூன்று மணிக்கு வேன் ஆரன் அடித்துக் கிளம்பியது. இருநூற்றொரு லட்டும் போய்விட்டது. மாயக்காள் மட்டும் இன்னும் அடுப்பை விட்டு நகரவில்லை. போய் அவள் தோளைத் தட்டி, வேன் போன திசையைக் காட்டினேன்.

"போயிருச்சா?" என்றாள். "போகட்டும். மாவு மிச்சமிருக்குடி. இது நமக்கு."

கண்கரண்டியைத் துடைத்துச் சட்டிக்கு மேல் பிடித்தாள். பக்கத்தில் நல்லகண்ணு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, எண்ணெயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.