இரண்டு ஸ்கூட்டரும் பதின்மூன்றரை சதவீதமும்

வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பது என் வேலை. நிகழ்தகவில் பட்டம் வாங்கியவன். ஆனாலும் மழை வருமா என்று வீட்டில் யாரும் என்னிடம் கேட்பதில்லை. என் மனைவி பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துத்தான் உடுப்புக் காயப் போடுவாள்.

கொட்டாஞ்சேனைத் துணிக்கடை முதலாளி ஒருவர் கடைக் காப்புறுதியைப் புதுப்பிக்க எங்களிடம் வந்தார். அவர் கடையில் மூவாயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் பில் மெஷின் ஒரு டிக்கெட் அடித்துத் தரும். அதில் 0000 முதல் 9999 வரை ஏதாவது ஒரு நம்பர், மெஷின் தன் மனம்போன போக்கில் போடுவது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மேடையில் ஒரு நம்பர் எடுப்பார்கள். அதே நம்பர் உள்ளவர் எத்தனை பேர் என்றாலும் ஆளுக்கொரு ஸ்கூட்டர். இருபதாயிரம் டிக்கெட் போயிருந்தது.

"பத்தாயிரத்துக்கு ஒண்டு. இருபதாயிரத்துக்கு ரெண்டு. ரெண்டு ஸ்கூட்டர் வாங்கி வச்சிட்டன். பிறகென்ன தம்பி?" என்றார்.

"ரெண்டு எண்டது சராசரி, முதலாளி. டிக்கெட்டுகள் ஒண்டையொண்டு கேட்டு நம்பர் போடுறேல்லையே."

வாய்ப்பு மிகச் சிறிது, டிக்கெட் ஏராளம் என்ற இடத்தில் புவாசோன் என்ற கணிதக்காரரின் பரம்பல் சூத்திரத்துக்குச் சராசரி ஒன்றைச் சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே சொல்லிவிடும். அவருடைய பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். ஒருவருக்கும் விழாமல் போக e என்ற எண்ணின் அடுக்கு சய (மைனஸ்) இரண்டு, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றரை. அதை இரண்டால் பெருக்கினால் ஒரேயொருவருக்கு விழ இருபத்தேழு. இருவருக்கு விழவும் அதே இருபத்தேழு. மிச்சம் முப்பத்திரண்டு, மூன்று பேரோ அதற்கு மேலோ.

"முப்பத்திரண்டா?" முதலாளி விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது ஸ்கூட்டரிலிருந்து எங்கள் பொறுப்பு, ஒரு குலுக்கலுக்கு மட்டும் என்று காப்புறுதிப் பத்திரம் எழுதினோம். கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டார்: "ஒருத்தருக்கும் விழாட்டி? ஸ்கூட்டரை நானே வீட்ட கொண்டுபோயிட்டன் எண்டு சனம் கதைக்கும். அதுக்குப் பிறகு இந்த றோட்டில கடை வைக்கேலாது."

"பதின்மூன்றரைதானே, யோசியாதீங்கோ," என்றேன். முப்பத்திரண்டைக் காட்டிப் பயமுறுத்திய அதே வாயால்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் மேடை, நாதஸ்வரம், ரிப்பன் கட்டிய இரண்டு ஸ்கூட்டர். எனக்கு முன்வரிசையில் கதிரை. நாலு பந்து எடுத்தார்கள்: 4, 0, 7, 1. கம்பியூட்டரில் தட்டிப் பார்த்த பெண்பிள்ளை முதலாளியின் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். பதின்மூன்றரை வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"இந்த நம்பர் ஒருத்தரிட்டயும் இல்லையாம்," என்றார் மைக்கில். "ஏன் எண்டு இந்தத் தம்பி சொல்லுவார்."

நான் ஏறினேன். e என்றேன். மூன்று டிக்கெட்டை விசிறிபோல விரித்துப் பிடித்திருந்த ஒரு அம்மா எழும்பினார்.

"அந்த ஈயெல்லாம் இருக்கட்டும். ஸ்கூட்டர் ஆருக்கு?"

"முதலாளின்ர மருமகனுக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழும்பியது. முதலாளி சிரிக்கவில்லை.

"இன்னொரு நம்பர் எடுப்பம்," என்று பந்துக்கூட்டுக்குள் கையை விட்டார். நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் முதலாளி. பத்திரம் ஒரு குலுக்கலுக்குத்தான். திரும்ப எடுத்தால் திரும்பவும் அதே கணக்கு. ஒருத்தரும் இல்லாமப் போகப் பதின்மூன்றரை, மூண்டோ அதுக்கு மேலையோ வர முப்பத்திரண்டு. இந்த முறை மூண்டாவது உங்கட செலவு."

"அப்ப முன்னால போனாலும் அடி, பின்னால போனாலும் அடி எண்டுறீர்."

"ஓம்."

அவர் பந்துக்கூட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு கடைப் பெடியங்களைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் பேர் எழுதிக் கிழித்துப் போட்ட அடிக்கட்டைகள் முழுவதையும் மேடையில் கொட்டச் சொன்னார். இருபதாயிரம் துண்டு, நாலு உரப்பை நிறைய. சத்தம் போட்ட அம்மாவின் கண்ணைக் கடைச் சால்வையால் கட்டினார்.

"நீங்களே ரெண்டு துண்டு எடுங்கோ. எடுத்த பேருக்கு ஸ்கூட்டர்."

அந்த அம்மா குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டார். சனம் மேடையை நெருக்கியது. முதலாளி மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"இப்ப ஒருத்தருக்கும் விழாமப் போக எத்தினை வீதம்?"

"பூச்சியம்."

"மூண்டு பேர் வர?"

"அதுவும் பூச்சியம், முதலாளி."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார். "இந்தாரும், மைக்கில சொல்லும்."

சொன்னேன். என் கணக்குக்கு ஆட்கள் கைதட்டியது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.