சொன்ன நாளில் வந்த காது அச்சு

கண்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், காதுக் கருவி விற்கும் கடையொன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். கடைக்கு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரைவில் என்றால் நாளைக்கா, அடுத்த தீபாவளிக்கா? நான் எழுதும் பதிலில் தலைப்பிலேயே ஓடர் இலக்கம் இருக்கும். உள்ளே நான்கே வரிகள்: உங்கள் ஓடர் கிடைத்தது, அடுத்து இது நடக்கும், இந்தத் தேதிக்குள் கைக்கு வரும், சுணங்கினால் நாங்களே அறிவிப்போம். பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் சனி, ஞாயிறையும் கழித்துத்தான் தேதி போடுவேன். முதலாளி என்னை ஜோசியக்காரி என்று கேலி செய்வார்.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தனியாக இருக்கும் தன் அப்பாவுக்காக ஓடர் கொடுத்தாள். அவள் எழுதியது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அக்கா, அப்பாவுக்கு போன்ல ஒண்ணும் கேக்காது. நான் சொல்றத பக்கத்து வீட்டம்மா வாங்கி அவரு காதுல கத்துறாங்க. எல்லாத்தையும் அப்படிச் சொல்லிவிட முடியுமா? அவருகிட்ட மட்டும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. எந்த நாள்னு சொல்லுங்க. அன்னைக்கு வீட்டு மேடத்துகிட்ட கேட்டு லீவு வாங்கணும்."

அடுத்த வாரம் பெரியவர் பஸ் ஏறி வந்தார். காதுக்குள் பசையை விட்டு, அது இறுகியதும் அச்சை வெளியே எடுப்பார்கள். கொழும்பில் அந்த அச்சைப் பார்த்து, கருவியை மாட்ட அவர் காதுக்கு மட்டும் பொருந்தும் உறை ஒன்றைச் செய்து அனுப்புவார்கள். பசை உள்ளே போனதும் கூச்சத்தில் சிறுபிள்ளை மாதிரி சிரித்தார்.

"மக பேசுறது கேக்குமா?" என்று கடையே அதிரும்படி கேட்டார்.

கேட்கும் என்று தலையாட்டினேன். தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மகளுக்கும் அதே தேதியை இலக்கத்தோடு அனுப்பினேன். அப்பா கலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம் என்று பதில் வந்தது. லீவும் கிடைத்துவிட்டதாம்.

அந்த நாட்களில்தான் முதலாளி புதிதாக ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டார். தலைப்பில் பழைய இலக்கம் இல்லாமல் எந்த மடல் வந்தாலும், யாரோ புகார் செய்கிறார்கள் என்று அதைப் புதிய முறைப்பாடாகப் பதிந்துவிடும். நான் பார்க்கும் முன்பே தானாகப் பதிலும் போய்விடும்.

சொன்ன தேதிக்கு முதல் நாள் காலையில் கணினியைத் திறந்தேன். அவளுடைய மடல் இலக்கமில்லாமல் வந்திருந்தது.

"அப்பா செத்துப்போயிட்டாரு அக்கா. நேத்து விடியக்காலையில நெஞ்சு வலின்னாராம். என்னால வர முடியல."

அதன் கீழே எங்கள் பதில் போயிருந்தது. 'உங்கள் முறைப்பாடு கிடைத்தது. உங்கள் இலக்கம் இது. மூன்று வேலை நாட்களுக்குள் தீர்வு வழங்கப்படும்.'

அதற்கும் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "மூணு நாள்ல என்ன செய்வீங்க அக்கா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. முதலாளியிடம் போய் அந்தச் சனியனை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். மெஷினுக்கு என்ன தெரியும் என்று அவர் முனகினார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். பிறகு உட்கார்ந்து, இலக்கமும் தேதியும் போடாமல், என் பெயரில் நானே எழுதினேன். அந்தப் பதில் இயந்திரம் போட்டது, மன்னித்துவிடு தங்கச்சி. ஓடரை ரத்துச் செய்கிறோம், கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். எழுதும்போதே அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. அதில் சின்னப் பெட்டி ஒன்று, மேலே அவருடைய இலக்கம். உள்ளே நிறமில்லாத உறையும், அதற்கு மாதிரியாக வைத்த அச்சும். அச்சில் அவர் காதின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. சொன்ன தேதி தவறவில்லை. கருவியை வேறொருவருக்கு மாற்றியமைத்துக் கொடுக்கலாம். உறை இனி யாருக்கும் உதவாது. அன்று மகளிடமிருந்து மடல் வந்தது. இந்த முறை தலைப்பில் பழைய இலக்கம் இருந்தது.

"அக்கா, இன்னைக்குத்தான் அப்பாகூட பேச லீவு கேட்டிருந்தேன். மேடம் லீவு தந்துட்டாங்க. ரூம்ல சும்மா உக்காந்திருக்கேன். அப்பா காத அச்செடுத்தீங்களே, அத வீசிடாதீங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன். அவருகிட்ட சொல்ல வேண்டியத அதுகிட்டயாவது சொல்லணும்."

என் மேசை லாச்சியை இழுத்து, பெட்டியை உள்ளே வைத்தேன். அவளுக்குப் பதில் எழுதினேன்: உங்கள் மடல் கிடைத்தது, பழைய இலக்கமே இருக்கட்டும், பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தேதி போட வேண்டிய வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எப்போது வருவாய் தங்கச்சி என்று கேட்டு அனுப்பினேன்.